மூலைக்குப் போன மினிமேப்: பெரிதாக்குவதா, உள்ளே இழுப்பதா?

பாபநாசத்தில் இருக்கும் என் சித்தப்பா மகன் போன மாசியில் கணினி விளையாட்டுக்காக 34 அங்குல அல்ட்ராவைட் மானிட்டர் ஒன்று வாங்கினான். மூன்று வாரம் கழித்து போன் செய்தான். "அண்ணே, இதை வித்துடலாம்னு பாக்குறேன். ஆள் நடுவுல நிக்கிறான், ரேடார் திருவையாத்துல இருக்கு. பாத்துட்டு திரும்புறதுக்குள்ள சுட்டுடுறானுங்க."

வேறு விஷயமாகக் கும்பகோணத்திலிருந்து அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. போகும்போது பையில் ஒரு அளவு நாடாவும் பிள்ளைகளின் ஸ்கேல் ஒன்றும் போட்டுக்கொண்டேன். இந்த விவகாரத்தில் செட்டிங்ஸைத் திறப்பதற்கு முன்னால் அளந்து பார்ப்பது நல்லது. பெரும்பாலானவர்கள் நேராக, திரைமேல் மிதக்கும் எழுத்து, படம் எல்லாவற்றையும், அதாவது இடைமுகத்தை, பெரிதாக்கும் UI Scale என்ற இழுப்பானைப் பிடித்து இழுக்கிறார்கள், கொஞ்ச நேரம் சந்தோஷப்படுகிறார்கள், மறுநாள் மறுபடியும் அதே குறையோடு வருகிறார்கள். தம்பியும் அதைத்தான் செய்திருந்தான்.

அவன் மானிட்டரின் அகலம் கிட்டத்தட்ட 80 செ.மீ., உயரம் 33 செ.மீ.க்குச் சற்று மேல். தெளிவுத்திறன் 3440 x 1440. அவன் முன்பு வைத்திருந்தது 27 அங்குலம், 2560 x 1440. அதன் அகலம் 60 செ.மீ., உயரம் ஏறத்தாழ இதேதான். புள்ளிகளின் நெருக்கமும் இரண்டிலும் ஒன்றுதான். அதாவது பழைய மானிட்டரின் இடப்பக்கம் 10 செ.மீ., வலப்பக்கம் 10 செ.மீ. ஒட்டுப்போட்டால் புதிய மானிட்டர். புள்ளிக் கணக்கில் பக்கத்துக்கு 440. கூடுதலாக வந்தது இவ்வளவுதான். ஆனால் தம்பி ரேடார் என்று சொன்ன, சுற்றுவட்டத்தைக் காட்டும் சின்ன வரைபடமான மினிமேப், குண்டுகளின் எண்ணிக்கை, யார் யாரைச் சுட்டார்கள் என்ற பட்டியல் எல்லாம் திரையின் மூலையில் ஆணியடித்து மாட்டியவை. மூலை 10 செ.மீ. நகர்ந்ததும் அவையும் கூடவே நகர்ந்துவிட்டன.

இதை எங்கள் பக்கத்து வழக்கில் சொல்வதென்றால், வயலை நீளமாக்கியதும் மோட்டார் கொட்டகை கடைசி வரப்புக்குப் போய்விட்டது. கொட்டகையை இரண்டு மடங்கு பெரிதாகக் கட்டினால் தூரத்திலிருந்து நன்றாகத் தெரியும், சுவிட்சைப் போட நடக்கும் நடை குறையாது. இழுப்பானை மட்டும் நம்பியவர்களுக்கு நடப்பது இதுதான்.

தம்பி நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணுக்கும் திரைக்கும் நடுவே 60 செ.மீ. இருந்தது. அவன் ஆடும் ஒரு விளையாட்டில் மினிமேப்பின் அகலம் ஸ்கேல் வைத்துப் பார்த்தபோது 6 செ.மீ. வந்தது. ஓரத்திலிருந்து அரை செ.மீ. தள்ளி இருந்தது. எனவே மினிமேப்பின் நடுப்புள்ளி ஓரத்திலிருந்து 3.5 செ.மீ., திரையின் நடுவிலிருந்து 36.5 செ.மீ. அறுபது செ.மீ. தூரத்திலிருந்து பார்த்தால் கண் நடுவிலிருந்து சுமார் 31 டிகிரி பக்கவாட்டில் போக வேண்டும். பழைய 27 அங்குலத்தில் இதே மினிமேப் 24 டிகிரியில் இருந்தது.

ஏழு டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் கண் மட்டும் சுலபமாகப் போய்வரும் எல்லை ஏறக்குறைய 15 முதல் 20 டிகிரி வரைதான். அதைத் தாண்டினால் தலையும் சேர்ந்து திரும்ப ஆரம்பிக்கும். 24 டிகிரியில் தலை லேசாக அசையும், 31 டிகிரியில் நன்றாகவே திரும்பும். திரும்பிய தலை மறுபடி நடுவுக்கு வந்து, குறிபார்க்கும் குறுக்குக்குறியைப் பிடிக்க நேரமாகிறது. தம்பி சொன்ன "திரும்புறதுக்குள்ள" இந்த நேரம்தான்.

வளைந்த மானிட்டர் இதைச் சரிசெய்யும் என்று கடையில் சொல்வார்கள். இவனுடையதும் 1800ஆர் வளைவு கொண்டதுதான். அந்த வளைவில் ஓரங்கள் நடுவைவிட நான்கு செ.மீ. போல முன்னால் வரும். ஓரத்தில் நிறம் மங்காமல் தெரிவதற்கு அது உதவும். ஆனால் கழுத்துத் திருப்பம் அதனால் குறைவதில்லை. ஓரம் நமக்குக் கிட்டே வருவதால் கோணம் ஒன்றிரண்டு டிகிரி கூடத்தான் செய்கிறது.

சரி, நான்கு வழிகள் இருக்கின்றன. இடைமுகத்தைப் பெரிதாக்கலாம், மூலையில் இருப்பவற்றை உள்ளே இழுக்கலாம், விளையாட்டையே பழைய அகலத்தில் ஓட்டலாம், அல்லது நாம் பின்னால் நகர்ந்து உட்காரலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்க வேண்டும். விளையாட்டை நிறுத்தி வைத்துவிட்டு, தலையை முழுதாக மினிமேப்பை நோக்கித் திருப்பி நேராகப் பாருங்கள். எழுத்தும் குறியும் தெளிவாகப் படிக்க முடிகிறதென்றால் உங்கள் குறை அளவில் இல்லை, இடத்தில் இருக்கிறது. நேராகப் பார்த்தும் கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால் அளவிலும் குறை இருக்கிறது. தம்பிக்கு நேராகப் பார்த்தால் எல்லாமே பளிச்சென்று தெரிந்தது. ஆனாலும் அவன் இழுப்பானை 150-க்கு ஏற்றி வைத்திருந்தான்.

அந்த 150 என்ன செய்தது என்று பார்ப்போம். மினிமேப் 6 செ.மீ.யிலிருந்து 9 செ.மீ. ஆனது. ஓர இடைவெளியும் அரையிலிருந்து முக்கால் செ.மீ. ஆனது. ஆனால் அது வளர்வது மூலையைப் பிடித்துக்கொண்டு. எனவே நடுப்புள்ளி உள்ளே வந்தது வெறும் 1.75 செ.மீ.தான். கோணம் 31-லிருந்து 30 டிகிரி. பதிலுக்கு அவன் கொடுத்த விலை பெரியது: 36 சதுர செ.மீ. அடைத்துக்கொண்டிருந்த மினிமேப் இப்போது 81 அடைக்கிறது. அகலமாகப் பார்க்கத்தான் அல்ட்ராவைட் வாங்கினான், அந்த அகலத்தையே படம் வைத்து மறைத்துவிட்டான்.

ஓரக்கண்ணில் தெரிந்தால் போதுமே, அதற்காகவாவது பெரிதாக்கலாமே என்று கேட்கலாம். பாதி சரி. ஓரக்கண் அசைவையும் நிற மாற்றத்தையும் நன்றாகப் பிடிக்கும், எழுத்தையும் எண்ணையும் பிடிக்காது. ஹெல்த் பார் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறுவதை ஓரத்திலிருந்தே உணரலாம். அதைத் தடிமனாக்கினால் பலன் உண்டு. ஆனால் துப்பாக்கியில் 7 குண்டு இருக்கிறதா 17 இருக்கிறதா என்று தெரிய, 30 டிகிரியில் எழுத்தை ஒன்றரை மடங்கு பெரிதாக்கினாலும் போதாது. கண் அங்கே போய்த்தான் ஆக வேண்டும்.

இதற்குள் இன்னொரு குழப்பமும் உண்டு. சில விளையாட்டுகளில் அல்ட்ராவைட் மாட்டியதுமே இடைமுகம் தானாக வீங்கிவிடும், நாம் எதையும் தொட்டிருக்க மாட்டோம். இடைமுகத்தை எந்த அளவை வைத்துப் பெருக்குவது என்பதை விளையாட்டை உருவாக்கியவர் முடிவு செய்கிறார். விளையாட்டுகளை உருவாக்கப் பயன்படும் யூனிட்டி இன்ஜினில் அகலத்தை வைத்தா, உயரத்தை வைத்தா என்று தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது. 1920 x 1080-க்கு வரைந்த இடைமுகத்தை உயரத்தை வைத்துப் பெருக்கினால் 3440 x 1440-ல் 1.33 மடங்கு ஆகும். அகலத்தை வைத்துப் பெருக்கினால் 1.79 மடங்கு. பின்னதில் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வீங்கி நிற்கும். அன்ரியல் இன்ஜின் சாதாரணமாகக் குறுகிய பக்கத்தைத்தான் எடுத்துக்கொள்ளும், அதனால் அங்கே இந்த வீக்கம் அவ்வளவாக வராது.

கண்டுபிடிக்க ஸ்கேல் போதும். விளையாட்டை ஜன்னல் வடிவில் 2560 x 1440-ல் ஓட்டி மினிமேப்பை அளந்துகொள்ளுங்கள். பிறகு முழுத்திரையில் 3440 x 1440-ல் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்று என்றால் உயரக் கணக்கு. 6 செ.மீ. இருந்தது 8 ஆகிவிட்டால் அகலக் கணக்கு. அகலக் கணக்கு விளையாட்டில் UI Scale-ஐ 75-க்குக் குறைத்தால் பழைய அளவு திரும்பிவிடும். இந்த இழுப்பானை ஏற்றுவதைவிட இறக்க வேண்டிய விளையாட்டுகளும் இருக்கின்றன என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

இரண்டாவது வழி, உள்ளே இழுப்பது. என்னைக் கேட்டால் இதுதான் முதலில் தேட வேண்டியது. ஒவ்வொரு விளையாட்டிலும் இதற்கு ஒவ்வொரு பெயர். சேஃப் ஸோன், ஹட் எட்ஜ், ஹட் வித் என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஹட் என்பது திரைமேல் மிதக்கும் இந்த இடைமுகம்தான். பழைய டிவிகளில் படத்தின் ஓரம் சட்டத்துக்குள் மறைந்துவிடும் என்பதால் முக்கியமானவற்றை உள்ளே தள்ளி வைக்க வந்த ஏற்பாடு இது. கன்சோல் விளையாட்டுகளில் டிவிக்காக இருந்த அந்த அமைப்பு இன்றைக்கு அல்ட்ராவைட்காரர்களுக்குக் கைகொடுக்கிறது.

தம்பி அதிகம் ஆடுவது கவுன்டர் ஸ்ட்ரைக் 2. அதில் கேம் செட்டிங்ஸிலேயே ஹட் ஓரத்தை நகர்த்தும் இடம் இருக்கிறது. ஆனால் கண்ணளவில் இழுப்பதைவிட, கட்டளை தட்டும் டெவலப்பர் கன்சோலில் எண்ணைத் தட்டுவது சுத்தம். செட்டிங்ஸில் அந்தக் கன்சோலை இயக்கிவிட்டு, எஸ்கேப் விசைக்குக் கீழே இருக்கும் விசையை அழுத்தினால் அது திறக்கும்.

```
safezonex 0.744
safezoney 1
```

0.744 எங்கிருந்து வந்தது என்றால், 2560-ஐ 3440-ஆல் வகுத்தது. திரை அகலத்தில் எந்தப் பங்குக்குள் ஹட் அடங்க வேண்டும் என்பதுதான் அந்த எண். அப்படிக் கொடுத்தால் ரேடாரும் சுட்டவர் பட்டியலும் பழைய 27 அங்குலத்தில் எங்கே இருந்தனவோ அதே இடத்துக்கு வந்து உட்காரும். 49 அங்குலம், 5120 x 1440 வைத்திருப்பவர்கள் 0.5 போட வேண்டும். அவர்கள் நிலைமை இன்னும் மோசம். அந்தத் திரையின் ஓரம் நடுவிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்கிறது, 60 செ.மீ. தூரத்தில் உட்கார்ந்தால் நேர் 45 டிகிரி.

இழுத்த பிறகு ரேடார் சின்னதாகத் தோன்றினால் அப்போது `cl_hud_radar_scale` என்பதை 1.2 போல வைக்கலாம். இந்த வரிசை முக்கியம். முதலில் இடம், அப்புறம் அளவு. மாற்றிச் செய்தால், தூரத்தில் இருந்தபோது தேவைப்பட்ட அளவை வைத்துக்கொண்டு உள்ளே இழுப்போம், பெரிய படம் ஒன்று பார்வையின் வழியில் வந்து நிற்கும். தம்பிக்கு இழுத்த பிறகு ரேடாரைப் பெரிதாக்கத் தேவையே வரவில்லை.

இதில் இழப்பு என்ன? பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுதான் இதன் பெருமை. திரையின் இரு ஓரங்களிலும் விளையாட்டுக் காட்சி அப்படியே ஓடிக்கொண்டிருக்கும், மேலே மிதக்கும் சாமான்கள் மட்டும்தான் உள்ளே வரும். ஆனால் சில விளையாட்டுகளில் இந்த அமைப்பு அரைகுறையாக இருக்கும். அகலத்துக்கும் உயரத்துக்கும் சேர்த்து ஒரே இழுப்பான் கொடுத்திருப்பார்கள். அதை 74-க்கு இறக்கினால் பக்கவாட்டில் 10 செ.மீ. உள்ளே வருவதோடு, மேலேயிருந்தும் கீழேயிருந்தும் நாலு செ.மீ.க்கு மேல் உள்ளே வந்துவிடும். மொத்த உயரமே 33 செ.மீ. உள்ள திரையில் இது தாங்காது. அப்படிப்பட்ட விளையாட்டில் 85-90க்கு அருகே நிறுத்திவிட்டு மீதியை வேறு வழியில் பார்த்துக்கொள்வது மேல். அதோடு, மினிமேப் உள்ளே வந்தாலும் பணிக் குறிப்பும் பொருள் எடுத்த அறிவிப்பும் பழைய மூலையிலேயே நிற்கும் விளையாட்டுகளும் உண்டு. அமைத்தவுடன் பட்டியலை மூடிவிடாமல், ஒரு பத்து நிமிடம் ஆடிப் பார்த்து எவையெவை இன்னும் ஓரத்தில் முளைக்கின்றன என்று கவனிக்க வேண்டும்.

இதே வழியின் முழு வடிவம், ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிடித்து வேண்டிய இடத்தில் வைப்பது. ஃபைனல் ஃபேன்டஸி 14-ல் HUD Layout என்று இருக்கிறது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2022-ல் வந்த டிராகன்ஃபிளைட் தொகுப்பிலிருந்து Edit Mode என்று இருக்கிறது. வைத்திருப்பவர்கள் ஒரு மாலைப்பொழுதைச் செலவழித்து அமைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி பார்ப்பவற்றைக் குறுக்குக்குறிக்குக் கீழே இரண்டு பக்கமும், எப்போதாவது பார்ப்பவற்றை ஓரத்தில். சாட் பெட்டி கடைசி மூலையிலேயே கிடக்கட்டும், அதை அங்கிருந்து கொண்டுவர எந்த அவசரமும் இல்லை.

விளையாட்டில் இப்படி எந்த அமைப்பும் இல்லையென்றால், கோப்பை மாற்றி நகர்த்தித்தரும் வெளிக்கருவிகள் கிடைக்கின்றன. தனியாக ஆடும் விளையாட்டில் அவற்றை முயலலாம். இணையத்தில் பலரோடு ஆடும் விளையாட்டில் தொடாதீர்கள். விளையாட்டின் நினைவகத்தைத் தொடும் எதையும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் ஏமாற்றாகவே பார்க்கக்கூடும். மினிமேப்புக்காகக் கணக்கைத் தொலைக்க வேண்டாம்.

மூன்றாவது வழி, விளையாட்டையே 2560 x 1440-ல் ஓட்டி இரு பக்கமும் கறுப்புப் பட்டை விடுவது. சொன்னதும் தம்பி முகம் சுருங்கிவிட்டது. "அப்ப நான் எதுக்குண்ணே இத வாங்குனேன்?" கேள்வி நியாயம்தான். ஆனால் இந்த வழியை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. உயரம் இரண்டுக்கும் 1440-தான் என்பதால் புள்ளிக்குப் புள்ளி அப்படியே வரும், படம் மங்காது. கிராஃபிக்ஸ் கார்டு வரைய வேண்டிய புள்ளிகளில் நாலில் ஒரு பங்கு குறையும், அதனால் திணறிக்கொண்டிருந்த கார்டுக்கு மூச்சு வரும். தம்பியின் கார்டு பழைய மானிட்டருக்காக வாங்கியது. புதியதில் அது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேலை செய்துகொண்டிருந்தது.

இழப்பைக் கோணத்தில் சொல்லலாம். கவுன்டர் ஸ்ட்ரைக்கில் 16:9 திரையில் பக்கவாட்டுப் பார்வை சுமார் 106 டிகிரி. 3440 x 1440-ல் அது ஏறத்தாழ 122. கறுப்புப் பட்டை விட்டால் அந்த 16 டிகிரி போய்விடும். ஹட்டை உள்ளே இழுத்தால் அது போகாது. இரண்டு வழியிலும் ரேடார் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான். எனவே ஹட்டை இழுக்க முடிகிற விளையாட்டில், கார்டும் தாங்குகிறதென்றால், பட்டை விடுவதற்குக் காரணமே இல்லை. எல்டன் ரிங் போலச் சில விளையாட்டுகள் எப்படியும் 16:9-ஐத் தாண்டாமல் தாங்களே பட்டை விட்டுவிடும். அங்கே நமக்கு எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை.

பட்டை விடுவதென்று தீர்மானித்தால் செய்யும் முறையில் ஒரு வழுக்கல் உண்டு. என்விடியா கார்டு என்றால் அதன் கன்ட்ரோல் பேனலில் Adjust desktop size and position என்ற பக்கத்தில் No scaling தேர்ந்தெடுத்து, அந்த வேலையை மானிட்டருக்கு விடாமல் ஜிபியுவிடம் கொடுக்க வேண்டும். பிறகு விளையாட்டுக்குள் முழுத்திரை முறையில் 2560 x 1440. இதைச் செய்யாமல் விளையாட்டில் மட்டும் மாற்றினால் பல மானிட்டர்கள் படத்தை இழுத்து 80 செ.மீ.க்கும் பரப்பிவிடும். வட்ட மினிமேப் இட்லித்தட்டுக் குழி போல இல்லாமல் முட்டை போல அகன்று தெரிந்தால் இழுத்துவிட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் ஹட்டும் மூலையிலேயே இருக்கும், படமும் கெட்டிருக்கும். இரண்டு பக்கமும் நஷ்டம். ஓலெட் திரை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தினமும் மணிக்கணக்கில் நடுப்பகுதி மட்டும் எரிந்தால் திரை சீராகத் தேயாது.

நான்காவது வழி காசில்லாதது, அதனாலோ என்னவோ யாரும் சொல்வதில்லை. பின்னால் நகர்ந்து உட்காருங்கள். 60 செ.மீ.யிலிருந்து 80 செ.மீ.க்குப் போனால் அதே மூலை மினிமேப்பின் கோணம் 31-லிருந்து 24.5 டிகிரிக்கு இறங்குகிறது. ஹட்டை 10 செ.மீ. உள்ளே இழுத்தால் கிடைப்பது 24. கிட்டத்தட்ட ஒரே பலன்.

ஆனால் பின்னால் போனதும் எல்லாமே முக்கால் பங்காகச் சுருங்கித் தெரியும். இங்கேதான் அந்த இழுப்பானுக்கு உண்மையான வேலை வருகிறது. UI Scale-ஐ 130-க்கு வைத்தால் சுருங்கியது ஏறக்குறைய சரியாகிவிடும். இடத்தைத் தூரம் சரிசெய்கிறது, அளவை இழுப்பான் சரிசெய்கிறது. தனியாக ஏற்றியபோது பயனற்றுப் போன அதே இழுப்பான், தூரத்தோடு சேரும்போது சரியான மருந்தாகிறது. இரண்டோடு ஹட் இழுப்பும் சேர்ந்தால் கோணம் 18 டிகிரிக்கே வந்துவிடும், தலை அசையவே வேண்டாம்.

குறை என்னவென்றால், இழுப்பான் இடைமுகத்தை மட்டும்தான் பெரிதாக்கும். தூரத்தில் நிற்கும் எதிரி முக்கால் பங்காகவே தெரிவான். தலையைக் குறிவைத்துச் சுடும் விளையாட்டில் இது நல்ல பேரம் இல்லை. கதை விளையாட்டு, கார் ஓட்டுவது, நிதானமாகக் கட்டிடம் கட்டுவது போன்றவற்றில் ஒரு கஷ்டமும் தெரியாது.

இன்னொரு தடை வீட்டில் இருக்கிறது. பாதி வீடுகளில் கணினி மேசையின் ஆழம் 45, 50 செ.மீ.தான். அல்ட்ராவைட்டின் கால் முன்னுக்கு நீட்டிக்கொண்டு அதில் பாதியைத் தின்றுவிடும். சுவரில் மாட்டலாம் என்று யோசித்தால், எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரைச் சுவர், டிரில் வைத்தால் பிட்டு மாதிரி உதிரும். மேசை விளிம்பைக் கவ்வும் ஆர்ம் வாங்கலாம். பலகை மெல்லியதாக இருந்தால் அதுவும் ஆடும். கன்ட்ரோலரில் ஆடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை ஒன்றுமில்லை. மேசை அங்கேயே இருக்கட்டும், நாற்காலி பின்னால் போகட்டும்.

தம்பிக்கு நான் சொன்னது இதைத்தான். கவுன்டர் ஸ்ட்ரைக்குக்கு 60 செ.மீ.யிலேயே உட்கார், safezonex 0.744, ரேடார் அளவைத் தொடாதே. நீ ஆடும் கதை விளையாட்டில் ஹட்டை நகர்த்த வழியே இல்லை, இழுப்பான் மட்டும்தான் இருக்கிறது. அதற்கு நாற்காலியை 80 செ.மீ.க்குத் தள்ளிக் கன்ட்ரோலரை எடுத்துக்கொள், 150-ல் இருப்பதை 130-க்கு இறக்கு. இரண்டிலும் கறுப்புப் பட்டை வேண்டாம். கோடையில் கார்டு சூடாகித் திணறினால் மட்டும் அப்போது யோசிக்கலாம்.

இரண்டு தூரத்தையும் மறக்காமல் இருக்க, சிவப்பு சிமென்ட் தரையில் நாற்காலியின் முன்சக்கரம் நிற்கும் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு துண்டாக ஒட்டிவிட்டு வந்தோம். மானிட்டரை விற்கும் பேச்சு அதற்கப்புறம் வரவில்லை. போன வாரம் மறுபடி போன் வந்தது. வீடு துடைக்கும்போது சித்தி ஒரு டேப்பை அழுக்கென்று நினைத்து உரித்துவிட்டாராம். "மிச்சம் இருக்கறது அறுவதா, எம்பதாண்ணே?" என்று கேட்டான். சித்தப்பாவிடம் நாடா இருக்கும், வாங்கி அள என்றேன்.